மெத்தில்கோபாலமின் 1500, சயனோகோபாலமின் 15: எது நல்லது?

கேள்வி: அம்மா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். பழைய பி காம்ப்ளக்ஸ் அட்டையில் சயனோகோபாலமின் 15 மைக்ரோகிராம். தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இப்போது வாங்கியதில் மெத்தில்கோபாலமின் 1500. நூறு மடங்கு சத்தா?

இல்லை, ஏறத்தாழ பத்து மடங்குதான். இரண்டு மாத்திரையிலும் உள்ள பி12 வைட்டமினைக் குடலிலிருந்து உடம்புக்குள் ஏற்றிவிடுவது இரைப்பையில் சுரக்கும் ஒரு புரதம்தான். ஒரு வேளைக்கு அது சுமப்பது 2 மைக்ரோகிராமுக்குள்தான். மீதியில் சுமார் ஒரு சதவீதம் தானாகக் கசிந்து உள்ளே போகும். ஆக, 15 மாத்திரையில் 2-க்குள் சேரும்; 1500-இல் அந்த 2-உடன் கசிவாக வரும் 15-ம் சேர்ந்து 17 போல வரும்.

ஒருவரின் அன்றாடத் தேவை 2 மைக்ரோகிராமை ஒட்டித்தான். ஆனால் மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டால் பி12 ஏறுவது குறையலாம். அப்படிக் குறைந்துபோனவருக்கு 15 மைக்ரோகிராம் போதாது. கசிவு வழியை நம்பித்தான் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். இரண்டும் பி12தான். செல்லுக்குள் போனதும் சயனோ, மெத்தில் என்ற ஒட்டுகள் கழன்றுவிடும். உடம்பு தனக்கு வேண்டிய வடிவத்தைத் தானே செய்துகொள்ளும். சயனோ விலை குறைவு, சீக்கிரம் கெடாது. அதிலுள்ள சயனைடு மிகமிகச் சொற்பம், பெரும்பாலோருக்குப் பயமில்லை. என்னைக் கேட்டால், மெத்தில் என்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, அளவைப் பாருங்கள்.

அம்மாவுக்குக் கால் மரத்துப்போகிறதா? புது அட்டையைத் தொடங்கும் முன் ரத்தத்தில் பி12 பார்த்துவிடுங்கள். மாத்திரை போட்ட பிறகு எடுத்தால் அளவு ஏறிக் காட்டும், பழைய குறை தெரியாது. மிகவும் குறைவாக இருந்தால் டாக்டர் ஊசியில் தொடங்குவார்.