கேப்ஷனில் ஆங்கிலம் எங்கே இயல்பு, எங்கே இடைஞ்சல்?

கேள்வி: நடனப் பயிற்சி வகுப்பு ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறேன். படிப்பவர்கள் பெரும்பாலும் நகரத்து இளைஞர்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதும்போது சில கேப்ஷன்கள் இயல்பாக இருக்கின்றன, சில செயற்கையாகத் தெரிகின்றன. எங்கே கலக்கலாம், எங்கே கூடாது?

பதில்: செயற்கையாகத் தோன்றிய கேப்ஷன் ஒன்றை எடுத்து, வாக்கியம் எந்தச் சொல்லில் முடிகிறது என்று பாருங்கள். நாம் பேசும்போது ஆங்கிலத்திலிருந்து எடுப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல்தான். வேற்றுமை உருபும் வினைமுற்றும் தமிழாகவே இருக்கும். 'வீக்எண்ட் பேட்சில் மூன்று இடம் இருக்கிறது' என்பது காதில் இடறாது. 'மூன்று சீட்ஸ் அவைலபிள் இந்த வீக்எண்ட் பேட்சில்' இடறும். இதில் கலந்திருப்பது சொல் மட்டுமல்ல, சொல்வரிசையே ஆங்கிலம்.

எந்தச் சொல்லை எடுப்பது? உங்கள் மாணவர்கள் வகுப்பில் சொல்வதை மட்டும். பேட்ச், ஸ்டெப், வீக்எண்ட் எல்லாம் அவர்கள் வாயில் இருக்கின்றன. 'என்ஜாயபிள் அனுபவம்' விளம்பரத்துக்கு வெளியே எவர் வாயிலும் இல்லை. 'ஜாயின் செய்யுங்கள்' என்பதைவிடச் 'சேருங்கள்' சின்னது, அதில் எந்தப் பழமையும் இல்லை.

தமிழை ரோமன் எழுத்தில் எழுதுவதை நான் ஆதரிப்பதில்லை. அதில் லகர, ளகர வேறுபாடு காணாமல் போய், பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடும். பார்வையற்றோருக்காகத் திரையை வாசிக்கும் மென்பொருளும் அதை ஆங்கிலமாக நினைத்து உளறும்.

பேச்சுவழக்கை அப்படியே எடுக்கக் கூடாத இடம் நிபந்தனை. 'கிளாஸ் கேன்சல் ஆனால் ரீஃபண்ட் உண்டு' என்று எழுதினால் எல்லோருக்கும் புரிந்த மாதிரி இருக்கும். ஆனால் ரத்து செய்வது யார், நீங்களா மாணவரா? முழுத் தொகையா, பாதியா? வர முடியாமல் போன மாணவர் பணத்தைக் கேட்டு வரும்போதுதான் ரத்து செய்பவர் யார் என்று அந்த வரி சொல்லவே இல்லை என்பது தெரியும். 'ரத்தானால்' என்று மாற்றினாலும் அதே ஓட்டைதான், குற்றம் ஆங்கிலத்துடையது அல்ல. பேச்சுவழக்கின் வேகத்தில் இந்த ஓட்டை கண்ணுக்குப் படுவதில்லை, அவ்வளவுதான். உங்கள் விதிக்கேற்ப இப்படி எழுதலாம்: 'நாங்கள் வகுப்பை ரத்து செய்தால் முழுக் கட்டணத்தையும் திருப்பித் தருவோம். நீங்கள் வர முடியாவிட்டால் 48 மணி நேரத்துக்கு முன்பே தெரிவியுங்கள், பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தருவோம்.' 'கட்டணம்' நெருடினால் 'ஃபீஸ்' என்றே வைத்துக்கொள்ளுங்கள். யார், எவ்வளவு, எப்போது என்ற மூன்றும் வரியில் இருக்க வேண்டும்.

காயம் பற்றிய எச்சரிக்கையும் மன்னிப்பும் இதே வகை. வகுப்பைத் திடீரென நிறுத்திவிட்டு 'சாரி மக்களே' என்று எழுதினால், வந்து திரும்பிப் போனவருக்கு அது கேலியாகப் படும்.

இன்னொன்று: நீண்ட கேப்ஷனின் முதல் ஓரிரு வரியை மட்டும் காட்டிவிட்டு இன்ஸ்டாகிராம் மீதியை மடித்துவிடும். கலகலப்பான வரி மேலே இருக்கட்டும். ஆனால் நிபந்தனையை மடிப்புக்குள் மட்டும் விடாமல் படத்திலும் தனி வரியாகப் போடுங்கள்.