பதாகம் என்றால் கொடியா, மேகமா?

“வேலூர் சத்துவாச்சாரியில் பரதநாட்டியம் கற்கும் ஆரம்ப மாணவிகளுக்காக ஒரு ஸ்லைடுக்கு ஒரு முத்திரை, ஒரு பொருள் என்று போட்டேன். பதாகத்துக்கு மேகம் என்று எழுதியதைப் பார்த்து ஒரு அம்மா ‘கொடிதானே?’ என்கிறார். பிள்ளைகளோ பதாகத்தையும் அர்த்தசந்திரனையும் குழப்புகிறார்கள்.”

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். கொடி என்பது பெயரின் பொருள். மேகம் என்பது விநியோகம், அதாவது ஆடும்போது அந்தக் கை எதைக் காட்டுகிறது என்பது. முத்திரைகளைச் சுலோகங்களில் சொல்லும் பழைய நூலான அபிநய தர்ப்பணத்தில் பதாகத்துக்கு மேகம், காடு, ஆறு, இரவு, மறுப்பது என்று பெரிய பட்டியலே உண்டு. அதனால் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் ‘கொடி’ என்று போடுங்கள், அப்புறம் ‘பயன்களில் ஒன்று’ என்று எழுதி ஒன்றைக் கொடுங்கள். நானாக இருந்தால் மேகத்தை எடுக்க மாட்டேன். அதற்குக் கை அசைய வேண்டும், படம் அசையாது. உள்ளங்கையை முன்னால் நீட்டி ‘வேண்டாம்’ என்று மறுப்பது ஒரே படத்தில் புரிந்துவிடும்.

குழப்பத்துக்குக் காரணம் கட்டைவிரல். பதாகத்தில் அது மடங்கி ஆள்காட்டி விரலின் அடியை ஒட்டி நிற்கும். அர்த்தசந்திரனில் விலகி நீண்டிருக்கும். பக்கவாட்டில் எடுத்த படத்தில் இந்த வித்தியாசமே தெரியாது. உள்ளங்கை கேமராவைப் பார்க்கட்டும், பின்னால் வெறும் சுவர் போதும். ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத் தூண் முன்னால் எடுக்க எனக்கும் ஆசைதான், ஆனால் அந்தச் சிற்பங்களுக்கு நடுவே விரல் ஓரம் தொலைந்துவிடும்.

வரிசையைச் சுலோகப்படியே வையுங்கள். பதாகத்தில் மோதிர விரலை மடக்கினால் திரிபதாகம், சுண்டு விரலையும் மடக்கினால் அர்த்தபதாகம், நிற்கும் இரண்டு விரல்களைக் கத்தரிபோல் விரித்தால் கர்த்தரீமுகம். தள்ளிக்கொண்டே போகும்போது விரல்கள் ஒவ்வொன்றாக மாறுவது தெரியும். அர்த்தசந்திரன் வரும் ஸ்லைடில் மட்டும் மூலையில் பதாகத்தைச் சின்னதாக வைத்துவிடுங்கள்.