மூன்று நாள் பயிற்சியில் வராதது: கேள்வி-பதில்

தமிழ் வழியில் படித்துவிட்டு இப்போது பி.இ. மூன்றாம் ஆண்டு. ஜி.டி. என்கிற குழு விவாதத்தில் என்னால் வாயே திறக்க முடியவில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேரட்டுமா?
– மாணவி, விருதுநகர்

சேருங்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய்து பாருங்கள். ஹாஸ்டல் தோழிகள் நாலைந்து பேர் உட்கார்ந்து, ஏதாவது ஒரு தலைப்பை முதலில் தமிழிலேயே பத்து நிமிடம் பேசி, போனில் பதிவு செய்யுங்கள். அதிலும் நீங்கள் பேசவில்லை என்றால் சிக்கல் ஆங்கிலத்தில் இல்லை. சொல்ல விஷயம் கையில் இல்லை, அல்லது அடுத்தவர் பேச்சில் புகக் கூச்சம். இரண்டுக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் மருந்தாகாது. தமிழில் நன்றாகப் பேசிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறினால், அதே தலைப்பை மறுநாள் ஆங்கிலத்தில் பேசுங்கள். விஷயம் ஏற்கெனவே தெரியும் என்பதால் மொழியை மட்டும் கவனித்தால் போதும்.

இன்னொன்று. பத்துப் பேர், பதினைந்து நிமிடம் என்றால் உங்கள் பங்கு ஒன்றரை நிமிடம்தான். முன்னால் பேசியவர் சொன்னதை ஒரு வரியில் பிடித்து, அதோடு ஓர் உதாரணம் சேர்த்தாலே கவனிப்பார்கள்.

கடைசி ஆண்டில் வெளியிலிருந்து ஆள் வரவழைத்து மூன்று நாள் பயிற்சி தருகிறோம். கைதட்டல் எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. நேர்காணலில் மாற்றம் தெரியவில்லையே?
– பேராசிரியர், இ.சி.இ. துறை

தெரியாதுதான். டை கட்டுவது, கைகுலுக்குவது எல்லாம் மூன்று நாளில் வந்துவிடும். வேலையைப் பற்றிப் பேசுவதும் எழுதுவதும் வாராவாரம் செய்து, திருத்தப்பட்டு, மறுபடி செய்தால்தான் வரும். அதற்கான இடம் உங்கள் துறையிலேயே இருக்கிறது: ப்ராஜெக்ட்.

இப்போது என்ன நடக்கிறது? நாலு பேர் குழுவில் ஒருவர் வேலை செய்கிறார், இன்னொருவர் பி.பி.டி. போடுகிறார், ரிவ்யூ அன்று நன்றாகப் பேசுகிற ஒருவர் பேசிவிடுகிறார். நேர்காணலில் “இதில் நீ என்ன செய்தாய்?” என்றதும் மற்றவர்கள் திணறுகிறார்கள்.

குழுவுக்கு வாரம் ஒரு நிலவர மெயில் எழுதச் சொல்லுங்கள், ஆளை மாற்றி மாற்றி. 60 மாணவர்கள் என்றால் 15 குழு, அதாவது வாரம் 15 மெயில். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றாலும் முக்கால் மணி நேரம். கைடுகளுக்குள் பிரித்துக்கொண்டால் இன்னும் குறைவு. முதல் வாரம் வருவது இப்படி இருக்கும்: “சார், ப்ராஜெக்ட் போய்க்கொண்டிருக்கிறது, சிறு பிரச்சினை, சீக்கிரம் முடித்துவிடுவோம்.” எது முடிந்தது, எங்கே சிக்கல், என்ன முயன்றீர்கள், என்ன வேண்டும் என்று நாலே நாலு கேள்வி போட்டுத் திருப்பி அனுப்புங்கள். அப்புறம் அதே மாணவர் எழுதுவார்: “மண் ஈரப்பத சென்சார் ஒரு மணி நேரம் ஓடியதும் அளவைத் தவறாகக் காட்டுகிறது. வயரையும் சென்சாரையும் மாற்றிப் பார்த்தோம், மாறவில்லை. கோடில் சந்தேகம் இருக்கிறது. வியாழன் லேபில் அரை மணி நேரம் வேண்டும்.” டீம் லீடர் எதிர்பார்க்கும் மெயில் இதுதான்.

திருப்பி அனுப்பி மறுபடி எழுத வைப்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். மதிப்பெண் போட்டு மூடிவைத்தால் அடுத்த முறையும் அதே “போய்க்கொண்டிருக்கிறது”தான் வரும். ரிவ்யூவில் பேசுபவரையும் நீங்களே அந்த நேரத்தில் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் இருப்பவர் செய்த பகுதியை விளக்கச் சொல்லுங்கள். குழு தங்களுக்குள் பேசிக்கொள்கிறதா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

மகன் ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கோர்ஸ் முடித்துச் சான்றிதழ் வாங்கிவிட்டான். அது போதுமா?
– தந்தை, திருவாரூர்

தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய திட்டம் அது, நல்ல வாய்ப்பு. சான்றிதழ் ரெஸ்யூமேவில் ஒரு வரி. அந்தக் கோர்ஸில் அவர் செய்து பார்த்ததை, அந்தத் துறை தெரியாத உங்களுக்கே புரிகிற மாதிரி விளக்கச் சொல்லுங்கள். விளக்கிவிட்டால் தேறிவிட்டார்.

புதிதாகச் சேரும் பட்டதாரிகள் தவறு நடந்தால் மறைக்கிறார்கள். மெஷினில் ஓடும் ஜாப் முழுக்க வீணான பிறகுதான் எனக்கே தெரிகிறது.
– சி.என்.சி. பட்டறை உரிமையாளர், கோவை

இந்தப் பழக்கம் பெரும்பாலும் கல்லூரி லேபிலேயே தொடங்கிவிடுகிறது. ரீடிங் தவறாக வந்தால் சீனியர் ரெக்கார்டைப் பார்த்து ‘சரியான’ எண்ணை எழுதினால்தான் கையெழுத்து கிடைக்கும். நாலு ஆண்டு அப்படிப் பழகியவர், 25 மில்லிமீட்டர் விட்டம் 24.9 ஆகிவிட்டது என்று உங்களிடம் ஓடி வந்து சொல்ல மாட்டார். தவறான ரீடிங்கையும் அதற்கான காரணத்தையும் எழுதினால் மதிப்பெண் உண்டு என்று லேபில் கொண்டுவந்தால் இது மாறும். கல்லூரிகளுக்கு இதில் செலவே இல்லை.

உங்கள் பக்கத்தில், முதல் மாதம் ஷிஃப்ட் முடியும்போது பத்து நிமிடம் ஒதுக்கி “இன்னைக்கு எது இடறிச்சு?” என்று கேளுங்கள். முதல் முறை ஒருவர் உண்மையைச் சொல்லும்போது எல்லார் முன்னாலும் திட்டிவிடாதீர்கள். அந்த ஒரு தடவையைத்தான் மற்ற பையன்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.