'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' போஸ்டரில் எதை எழுத வேண்டும்?

கேள்வி: செல்போன் கடை வைத்திருக்கிறேன். "நோ காஸ்ட் இ.எம்.ஐ., ஒரு ரூபாய்கூட கூடுதல் இல்லை" என்று போஸ்டர் போட்டேன். கார்டு பில்லில் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். எப்படித்தான் எழுதுவது?

பதில்: அவர் கேட்டது நியாயம். கிரெடிட் கார்டு தவணையில் வட்டி இல்லாமல் போவதே இல்லை. 'பூஜ்ய வட்டி' என்பதே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. வங்கி வட்டி வாங்குகிறது. அதே அளவு தொகையை நீங்களோ தயாரிப்பு நிறுவனமோ விலையில் தள்ளுபடி செய்கிறீர்கள். ஆனால் அந்த வட்டிக்கு 18% ஜி.எஸ்.டி. உண்டு. அதைப் பெரும்பாலும் யாரும் தள்ளுபடி செய்வதில்லை. பிராசசிங் கட்டணமும் அப்படித்தான்.

30,000 ரூபாய் போன், 6 மாதம், ஆண்டு வட்டி 15% என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுபடி 1,270 ரூபாய். வங்கி 28,730 ரூபாயைத்தான் கடனாக எழுதும். மாதத் தவணை 5,000. வட்டிக்கான ஜி.எஸ்.டி. மொத்தம் சுமார் 229. பிராசசிங் கட்டணம் 199 என்றால், வரியோடு 235. ஆக, 464 ரூபாய் கூடுதல். வட்டி முதல் மாதத்தில்தான் அதிகம், கட்டணமும் பெரும்பாலும் அப்போதே விழும் என்பதால், முதல் பில்லே 5,300 ரூபாய் வரும். உங்களிடம் வந்தவர் பார்த்தது இதைத்தான்.

ஆகவே இப்படி எழுதுங்கள்:

"விலை ரூ.30,000. மாதம் ரூ.5,000, 6 தவணை. வங்கி வட்டியை நாங்கள் தள்ளுபடி செய்கிறோம். வட்டிக்கான ஜி.எஸ்.டி. சுமார் ரூ.229, பிராசசிங் கட்டணம் வரியுடன் ரூ.235 உங்கள் செலவு. மொத்தம் சுமார் ரூ.30,464. இந்த வங்கியின் கிரெடிட் கார்டுக்கு மட்டும். கார்டில் போதிய லிமிட் இருக்க வேண்டும்."

'இந்த வங்கி' என்ற இடத்தில் பெயரைப் போடுங்கள். 'முன்னணி வங்கிகள்' என்று எழுதினால், பில் போடும் நேரத்தில்தான் தன் கார்டு செல்லாது என்று அவருக்குத் தெரியவரும். வட்டியும் கட்டணமும் வங்கிக்கு வங்கி மாறும். ஆகவே ஒவ்வொரு வங்கிக்கும் தனி வரி தேவை. டெபிட் கார்டு தவணை என்றால், வங்கி முன்கூட்டியே அனுமதித்தவர்களுக்கு மட்டும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிபந்தனையை நட்சத்திரக் குறி போட்டு அடியில் பொடி எழுத்தில் தள்ளிவிடாதீர்கள். 2022-இல் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்படி, வாக்குறுதி எந்த மொழியில், எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே மொழி, அதே எழுத்தில் நிபந்தனையும் இருக்க வேண்டும். மேலே தமிழ், கீழே பொடி ஆங்கிலம் என்பது கூடாது.

இன்னொன்று. ரொக்கமாக வாங்குபவருக்கு அதே போனை 1,000 ரூபாய் குறைத்துக் கொடுக்கிறீர்களா? அப்படியானால் தவணைக்காரருக்கு அந்த 1,000-மும் ஒரு செலவுதான். ரொக்க விலை 29,000 என்பதையும் அதே போஸ்டரில் போடுங்கள். போட மனமில்லை என்றால் 'நோ காஸ்ட்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.