பத்திர ஏணி: முதிர்வுகளைப் பிரித்து வைப்பது பற்றி வாசகர் கேள்விகள்

ஓய்வு பெற்ற ஆசிரியை, ஈரோடு: பணிக்கொடையாக வந்த 20 லட்சத்தை அரசுக் கடன் பத்திரத்தில் போட நினைக்கிறேன். ஐந்தாண்டுப் பத்திரம்தான் அதிக வட்டி தருகிறது. எல்லாவற்றையும் அதிலேயே போட்டால் என்ன?

போடலாம். வட்டி கொஞ்சம் கூடுதலாகவே வரும். ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு ரூபாய்கூட முதலாகத் திரும்பாது. ஏணி முறையில் இதே 20 லட்சத்தை நாலு நாலு லட்சமாகப் பிரித்து, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஆண்டுகளில் முதிரும் பத்திரங்களில் வைப்போம்.

கணக்குக்காக ஓராண்டுக்கு 6.0%, அடுத்தடுத்த படிகளுக்கு 6.2, 6.4, 6.6, 6.8% என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏணியின் ஆண்டு வட்டி 1,28,000 ரூபாய். மொத்தத்தையும் ஐந்தாண்டில் போட்டிருந்தால் 1,36,000. ஆக, ஏணிக்கு முதல் வருடம் நீங்கள் கொடுக்கும் விலை 8,000 ரூபாய்.

அந்த விலைக்குக் கிடைப்பது இது: ஒவ்வொரு வருடமும் 4 லட்சம் முழு மதிப்பில், சந்தை எப்படி இருந்தாலும் கைக்கு வரும். ஐந்தாண்டுப் பத்திரத்தை மட்டும் வைத்திருப்பவருக்கு ஒரு வருடம் கழித்து மருத்துவச் செலவு வந்தால் விற்றுத்தான் ஆக வேண்டும். அதற்குள் வட்டி விகிதம் ஒரு சதவீதப் புள்ளி ஏறியிருந்தால், 100 ரூபாய்ப் பத்திரம் சுமார் 96 ரூபாய் 70 காசுக்குத்தான் போகும். 4 லட்சத்தில் 13,000 ரூபாய்க்கு மேல் நஷ்டம். விகிதம் இறங்கியிருந்தால் லாபமும் வரும் என்பது உண்மைதான். ஆனால் நமக்குப் பணம் தேவைப்படும் நாளும் சந்தைக்கு நல்ல நாளும் ஒன்றாக அமைய வேண்டுமே.

இன்னொன்றையும் கவனியுங்கள். முதிர்ந்து வரும் 4 லட்சம் தேவைப்படாத வருடத்தில் அதை மறுபடி ஐந்தாண்டுப் பத்திரத்திலேயே போடுங்கள். மற்ற படிகள் தாமாக ஒரு வருடம் கீழே இறங்கி வரும். இப்படியே போனால் ஐந்தாவது வருட முடிவில் உங்கள் கையில் இருப்பவை அனைத்தும் ஐந்தாண்டு விகிதத்தில் வாங்கியவை. ஆனாலும் வருடத்துக்கு ஒன்று முதிர்ந்துகொண்டே இருக்கும். ஏணியின் முழுப் பயன் அப்போதுதான் தெரியும். முதல் இரண்டு வருட வட்டியைப் பார்த்துவிட்டுப் பாதியில் கலைத்தால் இது கிடைக்காது.

தனியார் நிறுவன ஊழியர், கோவை: வட்டி விகிதம் இறங்கும் என்கிறார்கள். இப்போதே நீண்ட காலப் பத்திரத்தில் பூட்டி வைப்பது புத்திசாலித்தனம் இல்லையா?

கணிப்பு சரியாக இருந்தால் ஆம். 2020-இல் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்துக்கு வந்தது. பத்தாண்டு அரசுப் பத்திரம் 6 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. இன்னும் இறங்கும் என்று நம்பி அப்போது பூட்டியவர்கள் உண்டு. 2022 மே மாதம் தொடங்கி 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 6.5 சதவீதமானது. பிறகு 2025 பிப்ரவரியில் திரும்ப இறங்கத் தொடங்கி, ஜூனில் 5.5 சதவீதத்துக்கு வந்தது.

2020-இல் ஐந்து படி ஏணி போட்டவரை இதில் வைத்துப் பாருங்கள். 2021-இல் முதிர்ந்ததைக் குறைந்த விகிதத்தில்தான் புதுப்பித்திருப்பார். 2022 பிற்பகுதியிலும் 2023-இலும் முதிர்ந்தவை ஏறிய விகிதத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும். விகிதம் மீண்டும் இறங்கும்போது அந்தப் படிகள் பழைய வட்டியையே தந்துகொண்டிருக்கும். உச்சத்தில் எல்லாவற்றையும் போட்டவரைவிட அவருக்குக் குறைவு. அடிமட்டத்தில் பூட்டியவரைவிட நல்ல நிலை. விகிதம் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாத ஒருவருக்கு நான் சொல்லக்கூடிய ஏற்பாடு இதுதான்.

இல்லத்தரசி, தஞ்சாவூர்: அரசுப் பத்திரம் ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் வட்டி தரும். எனக்கு மாதாமாதம் வேண்டும். ஏணியில் அதற்கு வழி உண்டா?

உண்டு. பத்திரம் முதிரும் தேதிதான் வட்டி வரும் தேதியையும் தீர்மானிக்கிறது. "7.10% GS 2034" என்ற பத்திரம் 2034 ஏப்ரல் 8 அன்று முதிர்கிறது, அதனால் வருடா வருடம் ஏப்ரல் 8, அக்டோபர் 8 ஆகிய நாட்களில் வட்டி தரும். முகமதிப்பில் 4 லட்சம் வைத்திருந்தால் ஒவ்வொரு முறையும் 14,200 ரூபாய்.

ஆகவே ஆறு படிகள் வைத்துக்கொண்டு, முதிர்வு ஆண்டைப் பார்ப்பதோடு மாதத்தையும் பாருங்கள். ஜனவரி அல்லது ஜூலையில் முதிர்வது ஒன்று, பிப்ரவரி அல்லது ஆகஸ்டில் ஒன்று என்று ஜூன்–டிசம்பர் ஜோடி வரை ஆறையும் பொறுக்கினால் பன்னிரண்டு மாதமும் வட்டி வரும். எல்லா மாதமும் சரிசமமாக வராது. புதுப்பிக்கும்போது அதே மாத ஜோடியில் பத்திரம் கிடைக்காமலும் போகலாம். ஒரு மாதம் முன்பின் ஆனால் பெரிய குறையில்லை. ஒரு வருடத்துக்குள்ளான படிக்கு 364 நாள் கருவூல உண்டியல் வாங்குகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அதற்கு இடையில் வட்டி கிடையாது. தள்ளுபடி விலையில் வாங்கி, முதிரும்போது முழு மதிப்பைப் பெறுகிறீர்கள்.

வாசகர், மதுரை: ஒரே வருடம் முதிரும் இரண்டு பத்திரங்களில் 7.5% உள்ளதைத்தானே எடுக்க வேண்டும்?

பத்திரத்தின் பெயரில் இருக்கும் சதவீதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். சந்தையில் ஐந்தாண்டு விகிதம் 6.8% ஆக இருக்கும்போது 7.5% பத்திரம் 100 ரூபாய்க்குக் கிடைக்காது. கிட்டத்தட்ட 103 கேட்பார்கள். நாலு லட்சம் முகமதிப்புக்கு 4 லட்சத்து 11 ஆயிரத்துக்கு மேல் கொடுப்பீர்கள், முதிரும்போது திரும்புவது 4 லட்சம்தான். கூடுதலாக வருவதுபோல் தெரியும் வட்டியில் ஒரு பங்கு உங்கள் சொந்த முதல். அதையும் செலவழித்துவிட்டால் ஒவ்வொரு புதுப்பித்தலிலும் படி தேயும். வாங்கும்போது, கொடுக்கும் விலையையும் கணக்கில் எடுக்கும் முதிர்வு வரையிலான வருவாய் விகிதத்தை ஒப்பிடுங்கள். கடைசியாக வட்டி கொடுத்த நாளிலிருந்து சேர்ந்த வட்டியையும் விற்பவருக்குச் சேர்த்துக் கொடுப்பீர்கள். அது அடுத்த வட்டியில் திரும்பி வந்துவிடும்.

வியாபாரி, திருப்பூர்: கம்பெனிப் பத்திரங்கள் 10% வரை தருகின்றனவே, அவற்றில் ஏணி போடலாமா?

ஏணி வட்டி விகிதம் மாறுவதைத்தான் சமாளிக்கும், பணம் திரும்பாமல் போவதைச் சமாளிக்காது. உள்கட்டமைப்புத் திட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிறுவனம் 2018-இல் தவணை தவறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்வரை உயர்ந்த தரக்குறியீட்டோடுதான் இருந்தது. ஐந்து படியில் ஒன்று உடைந்தால் முதலில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். மற்ற நாலின் கூடுதல் வட்டி அதை ஈடுகட்டப் பல வருடம் ஆகும்.

கம்பெனி முன்கூட்டியே திருப்பித் தரும் உரிமை வைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். விகிதம் இறங்கியதும் அந்த உரிமையைப் பயன்படுத்துவார்கள். உயர்ந்த வட்டி உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அந்தப் படி காணாமல் போகும்.

மூத்த குடிமகன், சேலம்: வங்கி வைப்புத்தொகையிலேயே இதைச் செய்யலாமே?

தாராளமாக. ஐந்தாண்டுக்குள் என்றால் மூத்தோருக்கான கூடுதல் வட்டியோடு அது பெரும்பாலும் எளிது. முதலில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைப் பாருங்கள். அதன் வரம்பு 30 லட்சம். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு, அதனால் பெரிய தொகையைப் பல வங்கிகளில் பிரியுங்கள்.

ஈரோட்டு ஆசிரியையின் மகன்: ஏணியின் நடுவில், முதிர்வுக்கு முன்பே பணம் வேண்டுமென்றால்?

தனிநபர்கள் அரசுப் பத்திரம் நேரடியாக வாங்க ரிசர்வ் வங்கி தரும் ரீடெயில் டைரக்ட் கணக்கில் வாங்கியதை அங்கேயே விற்கலாம். குறைந்தபட்சம் 10,000 ரூபாய் முகமதிப்பு. ஆனால் பழைய பத்திரங்களுக்குச் சிறு தொகையில் வாங்குவோர் குறைவு; நினைத்த விலை அன்றே கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். விற்றே ஆக வேண்டுமென்றால் விரைவில் முதிரவிருக்கும் படியை விற்கச் சொல்லுங்கள். விகிதம் ஒரு புள்ளி ஏறியிருந்தாலும், ஒரு வருடம் மீதமுள்ள பத்திரத்தில் 100 ரூபாய்க்கு ஒரு ரூபாய்க்குள்தான் நஷ்டம். நாலு வருடம் மீதமுள்ளதில் 3 ரூபாய்க்கு மேல். அடுத்த வருடம் முதிர வேண்டிய படி இல்லாமல் போவதால், அந்த வருடத்துக்கான செலவுப் பணத்தை மட்டும் வங்கியில் தனியே ஒதுக்கி வையுங்கள்.