சிங்களப் பரீட்சை பாஸ் பண்ணியாச்சு, அப்புறம்? – கேள்வி பதில்

இரண்டாம் மொழிச் சிங்களம் சித்தியடைந்து ஒன்றரை வருடம். நேற்று மேலதிகாரி ஒரு கடிதம் எழுதச் சொன்னார், பேனை நகரவே இல்லை. திரும்ப முதல்ல இருந்தா?

முதலில் இருந்து வேண்டாம். மறந்ததைத் திரும்பப் படிக்க, முதல் தடவை எடுத்த நேரம் எடுக்காது. எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885 இல் தன்னையே வைத்து அளந்து காட்டியது இதைத்தான்.

என் பிரிவில் ஒரு தங்கச்சிக்கு இதே நிலைமை. பழைய நோட்ஸை வாசிக்க விடவில்லை. வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும், அதுதான் ஏமாற்று. கந்தோர் கோப்பில் இருந்து அரைப் பக்கக் கடிதம் ஒன்றை எடுத்தோம். அதன் தமிழை மட்டும் பார்த்து, சிங்களத்தில் எழுதச் சொன்னேன். நாற்பது சொல்லில் பதினான்குதான் சரி. பிழைகளைச் சிவப்பால் திருத்தி, கொப்பியை மூடிவிட்டாள். நான்காம் நாள் அதே கடிதம், முப்பது சொல் சரி. பிறகு இரண்டு வாரம், ஒன்றரை மாதம் என்று இடைவெளியை நீட்டினோம். இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒவ்வொரு முறையும் வேறு கடிதம். அரை மணித்தியாலம்கூடப் போகாது.

திரும்ப எழுதும்போது பாதிக்கு மேல் பிழைத்தால் இடைவெளி கூடிப்போச்சு என்று அர்த்தம், குறையுங்கள். ஒன்றுமே பிழைக்கவில்லையென்றால் இன்னும் நீட்டலாம்.

தினமும் பத்து நிமிசம் செய்வதுதான் சிறந்தது என்று எங்கள் சேர் சொன்னார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை என்றால் எல்லாம் போயிடாதா?

புதிதாகப் படிக்கும்போது சேர் சொன்னது சரி. படித்ததைக் காப்பாற்றுவது வேறு கணக்கு. பாரிக் என்ற உளவியலாளரும் அவர் குடும்பத்தில் மூன்று பேரும் அந்நிய மொழிச் சொற்களைத் தாங்களே படித்துப் பார்த்து 1993 இல் வெளியிட்டார்கள். 56 நாளுக்கு ஒரு தடவையாக 13 முறை படித்தது, 14 நாளுக்கு ஒரு தடவையாக 26 முறை படித்ததற்கு ஏறக்குறையச் சமமாக வருடக்கணக்கில் நின்றது. பாதி உழைப்பு. ஆனால் இடைவெளி நீள நீள, அந்த நேரத்தில் கூடுதலாக மறந்திருக்கும், எரிச்சல் வரும். அதற்காகத் தினமும் படிக்கப் போய் மூன்றாம் வாரம் கைவிடுபவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மகள் அடுத்த மாதம் ஓ/எல் எழுதுகிறாள். இந்த இரண்டு மாத முறையை அவளுக்குச் சொல்லலாமா?

ஐயோ, வேண்டாம் அக்கா! இது பரீட்சை முடிந்தவர்களுக்கு. மகளுக்குச் சில நாள் இடைவெளியே போதும்.

நான் புறக்கோட்டையில் இருபது வருடம் சிங்களவரோடுதான் வியாபாரம். மீட்டலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பேசினாலே போதும் தம்பி.

பேச்சு உங்களுக்குச் சாகும்வரை போகாது ஐயா, அதில் சந்தேகமில்லை. ஆனால் எதைப் பயன்படுத்துகிறோமோ அதுதான் நிற்கும். பேச்சில் நான், அவன், அவர்கள் எல்லாருக்கும் ‘எவனவா’ ஒன்றே போதும். கடிதத்தில் மம எவமி, ஒஹு எவயி, ஒவுஹு எவதி என்று மாறும், நம் அனுப்புகிறேன், அனுப்புகிறான் மாதிரி. அதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. அதோடு, சிங்களத்தில் இரண்டு ‘ன’வுக்கும் சத்தம் ஒன்றுதான், எழுத்து வேறு. காது அதைக் காப்பாற்றாது.

அதனால் எழுத்துக்கும் சின்ன வேலை கொடுங்கள். 101 பஸ்ஸில் போகும்போது பெயர்ப்பலகையில் சிங்களத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தமிழைப் பாருங்கள். வங்கிப் படிவத்தைச் சிங்களப் பக்கத்தில் நிரப்புங்கள். நான் சாமான் பட்டியலைச் சிங்களத்தில் எழுதுகிறேன், வீட்டில் திட்டு விழுகிறது, பரவாயில்லை.

போனில் Anki என்ற மீட்டல் அட்டை ஆப் வைத்திருந்தேன். மூன்று மாதம் திறக்கவில்லை, இப்போது 400 அட்டை நிற்கிறது. அழிக்கட்டுமா?

அழிக்க வேண்டாம். Deck options இல் New cards/day என்பதை 0 ஆக்குங்கள், Maximum reviews/day என்பதை 20 ஆக்குங்கள். ஒரு மாதம் கொஞ்சம் கூடப் போகும், குவியல் கரையும். தனிச்சொல் அட்டையை விட ஒரு முழு வாக்கியம் எழுதிய அட்டை நல்லது, எவமியும் எவயியும் அதில்தான் பிடிபடும்.

அப்ப எத்தனை வருடத்துக்கு இப்படி? சாகும்வரையா?

பாரிக்கின் 1984 ஆய்வில், பள்ளியில் ஸ்பானிய மொழி படித்தவர்கள் படித்து முடித்த மூன்று முதல் ஆறு வருடத்துக்குள் நிறைய இழந்தார்கள், எஞ்சியது பிறகு சுமார் முப்பது வருடம் பெரிதாகக் குறையவில்லை. ஆகவே முதல் ஐந்து வருடத்தை விடாதீர்கள் என்பது என் கணிப்பு. கையால் எழுதாமல் கீபோர்டில் அடித்தால் எழுத்து நிற்குமா என்று போன வாரம் ஒருவர் கேட்டார். அடிப்பவர்கள் நிற்கும் என்கிறார்கள், என் கை ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டையும் செய்து பார்த்தவர் யாராவது இருந்தால் எழுதுங்கள்.