தேதி தாண்டியும் வலி வரவில்லை: எத்தனை நாள் காத்திருக்கலாம்?

"எனக்கு இது முதல் பிரசவம். டாக்டர் குறித்துக் கொடுத்த தேதி அக்டோபர் 12. இன்று 14, வலியே இல்லை. ஸ்கேனில் குழந்தை நன்றாக இருக்கிறது, தண்ணீரும் போதுமான அளவு இருக்கிறது என்கிறார்கள். அப்படியிருந்தும் 19ஆம் தேதி அட்மிட் ஆகச் சொல்கிறார்கள். 'தானா வலி வரட்டும், மருந்து வெச்சு வர வெச்சா ஆபரேஷன்லதான் முடியும்' என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?"

19 வரை தாராளமாகக் காத்திருங்கள், அதைத் தாண்ட வேண்டாம். ஆனால் அதற்கு முன்பு, இந்த 12ஆம் தேதி எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நான் சொல்லப்போகும் எல்லாமே அந்தத் தேதி சரியாக இருந்தால்தான் பொருந்தும்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் எண்ணி வருவதுதான் பிரசவத் தேதி. அக்டோபர் 12 என்றால் மாதவிலக்கு ஜனவரி 5இல் வந்திருக்க வேண்டும். 28 நாளுக்கு ஒரு முறை தவறாமல் வருபவர்களுக்கே இந்தக் கணக்கு சரிப்படும். உங்களைப் போலவே ஜனவரி 5 என்று சொன்ன ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருக்கு மாதவிலக்கு எப்போதும் ஒரு வாரம், பத்து நாள் தள்ளித்தான் வரும். தேதி தாண்டிவிட்டது என்ற பதற்றத்தில் குடும்பமே கூட வந்திருந்தது. ஃபைலின் அடியில் கிடந்த முதல் ஸ்கேனை எடுத்துப் பார்த்தேன். மார்ச் 23இல் எடுத்தது. மாதவிலக்குக் கணக்குப்படி அன்று 11 வாரம் ஆகியிருக்க வேண்டும். தலையிலிருந்து புட்டம் வரை குழந்தையின் நீளமோ 29 மில்லிமீட்டர், அதாவது 9 வாரம் 5 நாள். ஒன்பது நாள் வித்தியாசம். அந்தக் கட்டத்தில் ஏழு நாளுக்கு மேல் வேறுபட்டால் ஸ்கேனைத்தான் நம்ப வேண்டும். எனவே அவருடைய உண்மையான தேதி அக்டோபர் 21. தாண்டவே இல்லை! வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்.

கடைசி மாத ஸ்கேனில் வேறொரு தேதி அச்சாகியிருந்தால் அதைப் பொருட்படுத்தாதீர்கள். அப்போது குழந்தைக்குக் குழந்தை உருவம் மாறுவதால் கணிப்பு இரண்டு மூன்று வாரம்கூடப் பிசகும். முதல் மூன்று மாத ஸ்கேனில் உறுதியான தேதியைப் பின்னால் யாரும் மாற்றக் கூடாது.

உங்கள் தேதி சரி என்றே வைத்துக்கொள்வோம். 40 வாரம் முடிந்த அன்றே ஏதோ கெட்டுப்போவதில்லை. சரியாக அந்த நாளிலேயே பிரசவிப்பவர்கள் நூற்றுக்கு நான்கைந்து பேர்தான். 40இலிருந்து 41 வாரம் வரை காத்திருப்பதால் குழந்தை வயிற்றிலேயே இறப்பது ஏறக்குறைய 1,450 கர்ப்பங்களுக்கு ஒன்று என்ற அளவில்தான் கூடுகிறது. இந்த வாரத்தில் பலருக்குத் தானாகவே வலி வந்துவிடும் என்பதால் அவசரப்படுத்துவதில்லை. 41க்குப் பிறகு இந்த எண்ணிக்கை வேகமாக ஏறுகிறது. 42ஐத் தொட்டால் ஆயிரத்துக்கு மூன்று என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. அப்போதும் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. 'எங்க வீட்ல எல்லாம் பதினஞ்சு நாள் தள்ளித்தான் பொறந்துச்சு' என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

நஞ்சுக்கொடிக்கும் ஆயுள் உண்டு. குழந்தை வளர்ந்துகொண்டே போக, அதற்கு ஈடுகொடுத்து ரத்தமும் பிராணவாயுவும் அனுப்பும் திறன் சிலருக்குக் குறையத் தொடங்கும். குறைந்தால் குழந்தை மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தத்தை ஒதுக்கிவிட்டு சிறுநீரகத்துக்குக் குறைத்துக்கொள்ளும். பனிக்குட நீரில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான் என்பதால் தண்ணீர் வற்றும். தண்ணீர் வற்றினால் வலியின்போது தொப்புள்கொடி நசுங்க இடமுண்டு. நாள் கடந்த குழந்தை உள்ளேயே மலம் கழிப்பதும் அதிகம். குறைந்த நீரில் அது கெட்டியாகக் கலந்து நுரையீரலுக்குள் போனால் பிறந்தவுடன் மூச்சுத் திணறும். நஞ்சுக்கொடி நன்றாகவே வேலை செய்தால் வேறொரு சிக்கல்: குழந்தை எடை போட்டுக்கொண்டே போய், தலை வந்த பிறகு தோள் மாட்டிக்கொள்ளலாம்.

'ஸ்கேன்தான் நன்றாக இருக்கிறதே' என்பது நியாயமான கேள்வி. தண்ணீர் அளவும் இதயத்துடிப்புப் பட்டியும் அந்த வேளையில் குழந்தை எப்படி இருக்கிறது என்று சொல்லும், நாலு நாள் கழித்து எப்படி இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் தராது. ஸ்வீடனில் 2,760 பெண்களைப் பிரித்து, ஒரு பாதிக்கு 41 வாரத்தில் வலி வரவழைத்தார்கள், மறு பாதியை 42 வரை காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த பிரிவில் ஆறு குழந்தைகள் இறந்தன, மற்றதில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டு 2019இல் முடிவை வெளியிட்டார்கள். 41 வாரம் முடிந்தால் வலி வரவழைக்கலாம் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும்.

இனி உங்கள் மாமியாரின் பயம். அதே ஸ்வீடன் ஆய்வில் இரண்டு பிரிவிலும் சிசேரியன் ஏறக்குறைய சமம், நூற்றுக்குப் பத்து பதினொன்று. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் வலி வரவழைத்தவர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே இருக்கிறது. ஆனாலும் அவர் அக்கம்பக்கத்தில் கண்டதைத்தான் சொல்லியிருப்பார். கருப்பைவாய் இறுகி மூடியிருக்கும்போது அதைப் பதப்படுத்தாமல் நேரே டிரிப் ஏற்றி, பத்து மணி நேரத்தில் பொறுமை இழந்து தியேட்டருக்குக் கொண்டுபோவது நடக்கத்தான் செய்கிறது. முறை அதுவல்ல. முதலில் ஜெல்லோ, சிறு அளவு மாத்திரையோ, நீர் நிரப்பிய பலூன் குழாயோ வைத்துக் கருப்பைவாயை இளக்க வேண்டும். இதற்கே ஒரு நாள் ஆகலாம். பிறகு பனிக்குடத்தை உடைத்து டிரிப். உங்களுக்கோ குழந்தைக்கோ பிரச்சினை இல்லாதவரை, அதற்குப் பிறகும் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் பார்த்துவிட்டுத்தான் 'வலி பிடிக்கவில்லை' என்று முடிவு செய்ய வேண்டும். 'எத்தனை மணி நேரம் பார்ப்பீங்க டாக்டர்?' என்று அட்மிட் ஆகும்போதே கேளுங்கள், தவறில்லை.

19க்கு முன்பே வலி வர ஒரு வழி உண்டு: உள்பரிசோதனையின்போது டாக்டர் விரலால் கருப்பைவாயைச் சுற்றிப் பனிக்குடச் சவ்வை விலக்கிவிடுவது. கொஞ்சம் வலிக்கும், லேசாக ரத்தம் படலாம். சீரகக் கஷாயம் வேண்டுமானால் குடியுங்கள். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டாம், வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போகும்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், குழந்தை எடை குறைவு என எதுவும் இருந்தால் இந்த ஐந்து நாள் சலுகை உங்களுக்கு இல்லை, டாக்டர் குறிக்கும் முந்தைய தேதியே சரி. எதுவும் இல்லாவிட்டாலும் அசைவைக் கவனியுங்கள். 'கடைசி வாரத்துல எடம் இருக்காது, அதான் அசையல' என்பது தவறு. சாப்பிட்டுவிட்டு இடதுபக்கம் ஒருக்களித்துப் படுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு தெரியாவிட்டாலோ, தண்ணீர் பச்சையாகவோ மஞ்சளாகவோ கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ இரவு இரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். போகும்போது அந்த முதல் ஸ்கேன் காகிதத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், பணியில் இருக்கும் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.